அட்டையில் மூன்று ஸ்டிக்கர் இருக்கிறது, ரேபிஸ் ஊசி இல்லை

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் ஒன்றரை வயது லாப்ரடார் ஆண் நாய் இருக்கிறது. அலுவலகத் தோழி வெளியூர் போனதால் போன வருடம் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். சென்னை மாநகராட்சியில் உரிமம் எடுக்க ஆன்லைனில் விண்ணப்பித்தேன். தடுப்பூசிச் சான்று சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டையில் மூன்று ஸ்டிக்கர் இருக்கிறது, 'ஏஆர்வி' என்று பேனாவிலும் எழுதியிருக்கிறது. அட்டையின் படத்தையும் மாநகராட்சிக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன். எல்லா ஊசியும் மறுபடி போட வேண்டுமா? தெரிந்த கிளினிக் ஒன்றில் பழைய தேதி போட்டுச் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்கள், வாங்கலாமா? நாய்க்கு அடையாளச் சிப் கண்டிப்பாக வேண்டுமா? இதற்கிடையே குடியிருப்போர் சங்கச் செயலாளர் அசல் அட்டையைக் கேட்கிறார்.
- வேளச்சேரி வாசகி

பதில்: அட்டையின் படத்தை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதை வைத்தே பேசலாம்.

முதல் ஸ்டிக்கர் 2025 பிப்ரவரி 24. நாய் பிறந்தது ஜனவரி 10 என்று அட்டையின் முதல் பக்கத்தில் இருக்கிறது, ஆக அன்றைக்கு அதற்கு 45 நாள். அது குட்டிகளுக்குப் போடும் ஆரம்ப ஊசி. டிஸ்டெம்பர், பார்வோ என்ற இரண்டு நோய்களுக்கானது. இரண்டாவது ஸ்டிக்கர் மார்ச் 16, மூன்றாவது ஏப்ரல் 6. இரண்டிலும் 'டிஎச்பிபிஐ', அதன் பக்கத்தில் 'எல்' என்று அச்சாகியிருக்கிறது. பலரும் 'செவன் இன் ஒன்' என்று சொல்லும் கூட்டு ஊசி இதுதான். டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி, பார்வோ, பாரா இன்ஃபுளூயன்சா, கடைசி 'எல்' எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோவுக்கு. இந்த வரிசையில் ரேபிஸ் எங்கும் இல்லை. 'நைன் இன் ஒன்', 'லெவன் இன் ஒன்' என்று பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதில் ரேபிஸும் சேர்ந்திருக்கிறது என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'எல்லா ஊசியும் போட்டாச்சு டாக்டர்' என்று சொல்லி வருபவர்களின் அட்டையைப் பார்த்தால் ரேபிஸ் ஊசி மட்டும் விட்டுப்போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மாநகராட்சி உரிமத்துக்குக் கட்டாயமாகப் பார்ப்பதோ அந்த ஒரு ஊசியைத்தான்.

இனி அந்தப் பேனா எழுத்து. மார்ச் 16-க்கு நேரே 'ஏஆர்வி', அதாவது ரேபிஸ் தடுப்பூசி, என்று எழுதிச் சின்னதாக ஒரு கையெழுத்து இருக்கிறது. ஸ்டிக்கர் இல்லை, மருந்தின் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, மருத்துவரின் முத்திரையும் இல்லை. இதைச் சரிபார்க்கும் மாநகராட்சிக் கால்நடை மருத்துவரின் இடத்தில் நான் இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். ஊசி போட்டதாக யாரோ எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தாண்டி அந்த வரியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ஒரு பேச்சுக்கு அன்றைக்கு உண்மையிலேயே ரேபிஸ் ஊசி போட்டிருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மார்ச் 16 அன்று குட்டிக்கு 65 நாள்தான் ஆகியிருந்தது. ரேபிஸ் ஊசியைப் பொதுவாக 12 வாரம், அதாவது 84 நாள் நிறைந்த பிறகே போடுகிறோம். காரணம் தாய்ப்பால். பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலின் வழியாகத் தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்கு வந்துவிடுகின்றன. முதல் சில வாரங்களுக்குக் குட்டியைக் காப்பாற்றுபவை அவைதான். ஆனால் அந்தக் காலத்தில் தடுப்பூசி போட்டால், உள்ளே போகும் மருந்தையும் அவை கிருமி என்றே எடுத்துக்கொண்டு முடக்கிவிடுகின்றன. குட்டியின் உடம்புக்குத் தானாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. சுமார் மூன்று மாதத்தில் தாயிடமிருந்து வந்தவை தேய்ந்துபோகும், அப்போது போட்டால்தான் ஊசி பிடிக்கும். உங்கள் நாய்க்கு அந்த நாள் ஏப்ரல் 4. மூன்றாவது ஸ்டிக்கரின் தேதி ஏப்ரல் 6. அன்றைக்கு ரேபிஸ் ஊசியையும் சேர்த்துப் போட்டிருக்கலாம். அட்டைப்படி போடவில்லை.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும், அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு ஒரு வருடம் தாண்டிவிட்டது. நம் நாட்டில் ரேபிஸ் ஊசியை வருடத்துக்கு ஒரு முறை போடுவதே நடைமுறை. சில கம்பெனி மருந்துகளுக்கு மூன்று வருடப் பாதுகாப்பு உண்டு என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். தெருநாய்களிடையே ரேபிஸ் இன்னும் இருக்கும் ஊரில் நான் வருடம் ஒரு முறைதான் போடச் சொல்வேன், உரிமத்துக்கும் நடப்பில் உள்ள ஊசிதான் வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டுமா என்றால், வேண்டாம். குட்டிப் பருவத்து வரிசையை ஒன்றரை வயது நாய்க்குத் திரும்ப நடத்த வேண்டியதில்லை. கூட்டு ஊசிக்கு ஒரு வருட பூஸ்டர் தவறியிருக்கிறது, அதை ஒரு டோஸ் போட்டுத் தொடரலாம். ரேபிஸை மட்டும் இதுவரை போடாத நாயாகவே கணக்கில் எடுத்து ஆரம்பியுங்கள். இப்போது ஒன்று, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. அந்த இரண்டாவது டோஸ் உரிமத்துக்காக அல்ல, நாய்க்காக. ரேபிஸ் பரவலாக உள்ள இடங்களில் முதல் முறை போடும்போது ஒரு டோஸோடு நிறுத்தாமல் இன்னொன்று சேர்த்துப் போடுவது பாதுகாப்பு. இரண்டாவது டோஸ் முடியட்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊசி போட்டு 21 நாள் கழித்துத்தான் சான்று செல்லும் என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். அது நாயை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும்போது பல நாடுகள் வைக்கும் நிபந்தனை. மாநகராட்சி உரிமத்துக்கு அது பொருந்தாது. ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. முதல் ஊசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி முழுதாக வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நாயைத் தெருநாய்களோடு பழகவிடாமல், கயிற்றைக் கையில் பிடித்தபடியே வெளியே கூட்டிப்போங்கள்.

பழைய தேதியில் சான்றிதழ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். இதை மன்றாடியே கேட்கிறேன். உரிமம் கிடைத்துவிடும், அதோடு முடிந்தது என்று தோன்றும். அந்தச் சான்றிதழ் உண்மையில் வெளியே வரப்போவது வேறொரு நாளில். பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையில் உங்கள் நாயின் பல் பட்டுவிடுகிறது என்று வையுங்கள். குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது, நாய் யாருடையது, ஊசி எப்போது போட்டது என்பதைத்தான். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவருக்கு சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதே முறை. நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைப்போம். இத்தனைக்கும் நடுவில், பொய்த் தேதி போட்ட காகிதத்தைக் காட்டி 'எங்கள் நாய்க்கு ஊசி போட்டாச்சு, பயப்பட வேண்டாம்' என்று நீங்கள் சொல்லி, அதை நம்பி அந்தத் தாய் ஊசிக்குப் போகாமல் இருந்துவிட்டால்? ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியே இல்லாத நோய். அதற்கு எதிராக நம் கையில் இருப்பது தடுப்பு மட்டும்தான். மாநகராட்சியின் மருத்துவமனைகளில் இலவசமாகவே போடும் ஊசி இது. அதற்குப் பதில் பொய்ச் சான்று தர ஒரு கிளினிக் தயாராக இருக்கிறது என்றால், உங்கள் நாயை இனி அங்கே எதற்கும் கூட்டிப்போகாதீர்கள்.

இதே காரணத்தால்தான், மெடிக்கல் கடையில் மருந்தை வாங்கி வந்து தெரிந்தவர் கையால் போட்டுக்கொள்வதையும் வேண்டாம் என்கிறேன். ரேபிஸ் மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்தாலும் கெடும், ஃப்ரீசரில் உறைந்தாலும் கெடும், கெட்டதைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதோடு, கால்நடைச் சான்றிதழில் கையெழுத்திடும் உரிமை 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்குத்தான் உண்டு. வேறு யார் போட்டாலும், ஊசி நல்ல ஊசியாகவே இருந்தாலும், கையில் சான்று இருக்காது.

ஊசி போடும் அன்றைக்கே சான்றிதழைச் சரியாக வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்தான், ஆனாலும் மருத்துவரின் தலைப்புத் தாளில் தனிச் சான்றிதழ் ஒன்று கேளுங்கள். அதில் உங்கள் பெயரும் இப்போதைய முகவரியும் இருக்க வேண்டும். நாயின் பெயர், இனம், ஆணா பெண்ணா, வயது, நிறம், சிப் போட்டிருந்தால் அதன் எண் வேண்டும். மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், அந்தக் குப்பியின் காலாவதித் தேதி, ஊசி போட்ட தேதி, அடுத்த ஊசிக்கான தேதி வேண்டும். கடைசியில் மருத்துவரின் பெயர், கவுன்சில் பதிவு எண், கையெழுத்து, முத்திரை. கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன் நின்று ஒரு முறை படித்துப் பாருங்கள். பதிவு எண்ணும் ஊசி போட்ட தேதியும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். சிலர் குப்பியின் காலாவதித் தேதியைப் பார்த்து, ஊசி 2028 வரை செல்லும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது குப்பி ஃபிரிட்ஜில் இருக்கும்போது அதற்குள்ள ஆயுள். உடம்பில் போட்ட பிறகு அந்தத் தேதிக்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை. அடுத்த ஊசி என்று எழுதிய தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் விண்ணப்பத்தில் எனக்குத் தென்பட்ட இன்னொரு குறை, அட்டை உங்கள் தோழியின் பெயரில் இருப்பது. அவர் பெயரை அடித்துவிட்டு மேலே உங்கள் பெயரை எழுதாதீர்கள். அடித்தல் திருத்தல் உள்ள அட்டையை யாரும் நம்பமாட்டார்கள். புதிய ஊசிக்குப் புதிய அட்டை, உங்கள் பெயரில். பழைய அட்டையைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், நாயின் வயதுக்கும் பழைய ஊசிகளுக்கும் அது தேவைப்படும். தோழியிடமிருந்து, இந்த நாயை இந்தத் தேதியில் உங்களிடம் ஒப்படைத்தேன் என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது. நாயின் படமும் புதிதாக இருக்கட்டும். ஒன்றரை வயது நாய்க்கு இரண்டு மாதக் குட்டியின் படத்தைப் போட்டால் அடையாளம் எப்படிப் பொருந்தும்?

சிப் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் 2025 இறுதியிலிருந்து உரிமம், ரேபிஸ் ஊசி, சிப் மூன்றும் சேர்ந்தே போகின்றன. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தார்கள். சிப் என்பது அரிசியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாய். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் வைத்துவிடுவோம். மயக்க மருந்து தேவையில்லை. அதில் பேட்டரி கிடையாது, நாய் எங்கே போகிறது என்று காட்டவும் செய்யாது. கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைக் காட்டும், அவ்வளவுதான். அந்த எண்தான் நாயையும் காகிதத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. கறுப்பு லாப்ரடார் பத்தில் எது உங்களுடையது என்று அட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, எண்ணைப் பார்த்துச் சொல்லலாம்.

உங்கள் நாய் இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. ஆகவே புதிய சிப் வைக்கும் முன், ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து, தோள், முன்னங்கால் வரை பார்க்க வேண்டும், சில சிப்கள் தோலுக்கு அடியில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இருந்தால் இரண்டாவது வேண்டாம், அந்த எண்ணையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் வைத்த உடனே ஒரு முறை வாசிக்கச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணும் சான்றிதழில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். ஒரு இலக்கம் மாறிப்போனாலும் பின்னால் அது வேறொரு நாயின் எண்ணாகிவிடும்.

மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் ஊசியும் சிப்பும் இலவசமாகவே செய்கிறார்கள். உங்களுக்குக் கண்ணம்மாப்பேட்டை அல்லது மீனம்பாக்கம் பக்கம். போகும் அன்று நாய்க்குக் காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் போகாதீர்கள், சரியான பிறகு போட்டால் போதும். காலையிலேயே போய்விடுங்கள், வெயிலில் வரிசையில் நின்று மூச்சிரைத்தால் லாப்ரடார் தாங்காது. நாயின் வாயில் மாட்டும் மூடி ஒன்றையும் கொண்டுபோங்கள், அங்கே மற்ற நாய்களும் இருக்கும். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் வீங்கினாலோ தடிப்பு வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டலாம். ஒரு நாள் சோர்வாக இருப்பதும் ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி தெரிவதும் இயல்பு.

பிறகு chennaicorporation.gov.in தளத்தில் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போய், உங்கள் படம், முகவரிச் சான்று, நாயின் படம், ஊசிச் சான்றிதழ் ஆகியவற்றை ஏற்றுங்கள். போன முறை நீங்கள் ஸ்டிக்கர் உள்ள பகுதியை மட்டும் அருகில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதில் நாயின் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை. இந்த முறை முழுத் தாளும் தெரிய வேண்டும், பேட்ச் எண்ணும் முத்திரையும் படிக்கும்படி தெளிவாக இருக்க வேண்டும். முகவரிச் சான்றிலும் ஊசிச் சான்றிலும் ஒரே முகவரி இருக்கட்டும். மாநகராட்சி மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்டதும் 50 ரூபாய் கட்டணம் செலுத்தி உரிமத்தை இறக்கிக்கொள்ளலாம்.

உரிமம் ஒரு வருடத்துக்குத்தான். ஊசியும் ஒரு வருடத்துக்குத்தான். ஆனால் இரண்டு தேதியும் ஒன்றாக இருக்காது, அடுத்த வருடம் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். உதாரணத்துக்கு ஜூன் 10 ஊசி போட்டு, ஜூன் 25 உரிமம் கிடைத்தது என்று வையுங்கள். அடுத்த ஜூன் 25-க்குள் புதுப்பிக்க உட்காரும்போது உங்கள் ஊசிச் சான்று ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு முன் காலாவதியாகியிருக்கும். ஆகவே காலண்டரில் ஒரே ஒரு நாளைக் குறித்தால் போதும், ஜூன் முதல் வாரம் ஊசி. ஊசியைக் கொஞ்சம் முன்கூட்டிப் போடுவதால் நாய்க்கு ஒரு கெடுதலும் இல்லை. புதுச் சான்று கைக்கு வந்ததும் அதே வாரத்தில் உரிமத்தைப் புதுப்பித்துவிடுங்கள்.

சங்கச் செயலாளர் கேட்டதில் தவறில்லை, லிஃப்டிலும் படிக்கட்டிலும் குழந்தைகள் இருக்கும் இடம், நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவருக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அசல் அட்டையை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். நடு ராத்திரியில் நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டி வந்தால் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். உரிமத்தின் நகல் ஒன்றும் ஊசிச் சான்றின் நகல் ஒன்றும் கொடுங்கள். உரிமம் வரும்வரை, விண்ணப்பித்ததற்கான ரசீதோடு புதிய ஊசிச் சான்றின் நகலைக் கொடுத்து, அடுத்த ஊசி எந்தத் தேதி என்பதை அவருக்கு நேரிலேயே காட்டிவிடுங்கள்.